எழுபத்திரண்டு மணி நேரம்

செய்யாறு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு அந்த விவசாயி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பயிர்க் காப்பீட்டு ரசீது, அடங்கல் நகல், வங்கிப் புத்தகம், மருத்துவமனைச் சீட்டுகள், கடலை விற்ற சீட்டு எல்லாம் ஒன்றாகச் சுருட்டிக் கிடந்தன. கூடவே அவருடைய அக்கா மகன். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

"கடலை மழையில போயிடுச்சும்மா. இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன். எழுதிக் கொடுக்கணும்" என்றார்.

வேளாண்மை அலுவலர் நாற்பது வயதைத் தாண்டாதவர். அவரை உட்காரச் சொல்லிவிட்டு முதலில் கேட்டது ஒரே கேள்வி: "மழை என்னைக்கு ஐயா பெய்தது?"

"போன வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அஞ்சு மணி இருக்கும்."

அலுவலர் பேனாவை மேசைமேல் வைத்தார். ஞாயிறு மாலை ஐந்து மணியிலிருந்து எண்ணினால் புதன் மாலை ஐந்து மணியோடு 72 மணி நேரம் முடிந்துவிட்டது. அவர் வந்து நின்றதோ ஒன்பதாம் நாள். மணிக்கணக்கில் சொன்னால் 209 மணி நேரம்.

அந்த ஒன்பது நாளில் நடந்தது

மார்கழிப் பட்டத்தில் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் கடலை போட்டிருந்தார். சித்திரை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ஆள் விட்டுச் செடியைப் பிடுங்கி, காய் மேலே தெரியும்படி கவிழ்த்துக் காயப் போட்டார்கள். திங்கட்கிழமை காய் ஆய பெண்களுக்குச் சொல்லியிருந்தது. ஞாயிறு மாலை மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. அவரும் மனைவியும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி கடலையைக்கூட மூடவில்லை. வரப்பு வழுக்கி அந்த அம்மாள் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

அன்று இரவே செய்யாறு அரசு மருத்துவமனை, மறுநாள் அங்கிருந்து வேலூர். அறுவை சிகிச்சை முடிந்து, அந்த அம்மாளைத் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்பியது சனிக்கிழமை. வயலில் போய்ப் பார்த்தபோது மண்ணோடு ஒட்டிக்கிடந்த காய்கள் முளைவிட்டிருந்தன. நம் பக்கம் அதிகம் போடும் கொத்துக் கடலை ரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது. ஈரம் பட்டால் நாலைந்து நாளில் முளை வந்துவிடும். முளைக்காத காயும் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. கிடைத்ததைச் சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஆய்ந்து, திங்கட்கிழமை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். கொடியை மாட்டுக்குப் போட்டார். அன்று மாலை டீக்கடையில் யாரோ, "இன்சூரன்ஸ் கட்டினியே, போய்க் கேளு" என்றார்கள். மறுநாள் காலை வந்துவிட்டார்.

அவர் சோம்பலாக இருந்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அலுவலரும் சொல்லவில்லை.

எந்தப் பிரிவில் வரும் இழப்பு?

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. அதில் ஒரே ஒரு பாதுகாப்பு இருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு வகை இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் 72 மணி நேரம் எதற்கு என்பது புரியும்.

முதல் வகை, ஊர் முழுவதற்குமான மகசூல் இழப்பு. அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ பிர்க்காவிலோ அதிகாரிகள் சில வயல்களைத் தேர்ந்தெடுத்துப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்துவார்கள். அதில் வரும் சராசரி மகசூல், அந்தப் பகுதிக்கு முன்பே வகுத்து வைத்திருக்கும் உத்தரவாத மகசூலைவிட எவ்வளவு குறைகிறதோ, அந்த விகிதத்தில் அங்கே காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம் வரும். இதற்கு யாரும் மனுக் கொடுக்க வேண்டாம், தகவலும் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது வகை, தனி ஒருவர் வயலில் ஏற்படும் இழப்பு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு, இடி விழுந்து தீப்பிடித்தல் போன்றவை நிற்கும் பயிரைத் தாக்கினால் ஒரு பிரிவு. அறுத்து அல்லது பிடுங்கி, வயலிலேயே பரப்பியோ சிறு கட்டுகளாகவோ காயப் போட்டிருக்கும்போது ஆலங்கட்டி மழை, புயல், புயல் மழை, பருவம் தவறிய மழை இவற்றால் சேதமானால் இன்னொரு பிரிவு. இந்த அறுவடைக்குப் பிந்தைய பாதுகாப்பு, அறுவடை செய்த நாளிலிருந்து 14 நாள் வரைக்கும்தான். களத்துக்கோ வீட்டுக்கோ கொண்டுபோய் அம்பாரம் போட்டுவிட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது. ஒவ்வொரு பருவத்துக்கும் மாநில அரசு வெளியிடும் அறிவிக்கையில் இந்தப் பிரிவும் சேர்ந்திருக்க வேண்டும்.

அவர் கதை இந்தக் கடைசிப் பிரிவில் சரியாகப் பொருந்தியது. வெள்ளிக்கிழமை பிடுங்கினார், ஞாயிறு மழை. சித்திரை மழை பருவம் தவறிய மழைதான். பயிர், சர்வே எண், பிரீமியம் எல்லாம் சரி. பொருந்தாமல் போனது ஒன்றே ஒன்று. இந்த வகை இழப்புக்கு, பாதிப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் தந்திருக்க வேண்டும். நேரம் மழை பெய்த கணத்திலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். நாம் போய் வயலைப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல. திட்டம் தொடங்கியபோது இது 48 மணி நேரமாக இருந்தது. போதவில்லை என்று விவசாயிகள் கேட்டதால் 2018-இல் திருத்திய நெறிமுறையில்தான் 72 ஆனது.

எவ்வளவு பணம் கைவிட்டுப் போனது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஏக்கருக்கு 45,000. ராபி பருவத்தில் விவசாயி கட்டுவது நூற்றுக்கு ஒன்றரை ரூபாய், ஆக 675 ரூபாய். வயலில் வந்து பார்த்தவர்கள் நூற்றுக்கு அறுபது பங்கு சேதம் என்று எழுதியிருந்தால் 27,000 ரூபாய் வந்திருக்கும். மகசூல் இழப்பு வகையை நம்பினால் என்ன கிடைக்கும்? உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 800 கிலோ, பரிசோதனையில் வந்தது 760 கிலோ என்றால் குறைவு நூற்றுக்கு ஐந்து. கிடைப்பது 2,250 ரூபாய். இதில் இன்னொரு வேதனையும் உண்டு. பரிசோதனையில் செடியைப் பிடுங்கிய உடனே காயை எடை போட்டுவிடுவார்கள். பிடுங்கிக் காயப்போட்ட பிறகு பெய்த மழை அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. அதனால்தான் அறுவடைக்குப் பிந்தைய இழப்பைத் தனியாகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அலுவலர் முதலில் தேடியது

இல்லை என்று சொல்வதற்கு முன், இந்த மனுவைக் காப்பாற்ற ஏதாவது வழி இருக்கிறதா என்று அலுவலர் தேடினார். நேரக்கெடுவுக்குள் தகவல் சொல்ல ஒரே ஒரு வாசல் மட்டும் இல்லை. 14447 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். பயிர்க் காப்பீட்டுச் செயலியில் பதியலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கோ, பிரீமியம் பிடித்த வங்கிக்கோ, வேளாண்மைத் துறைக்கோ சொல்லலாம். அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்களோ உங்க சார்பா வேற யாராவதோ எங்கேயாவது சொன்னீங்களா ஐயா? எங்க உதவி வேளாண்மை அலுவலருக்கு போன் பண்ணீங்களா? சொசைட்டியில சொன்னீங்களா? வி.ஏ.ஓ. கிட்ட?"

"சொசைட்டி செயலாளருக்குப் போன் பண்ணேன்மா. சம்சாரம் விழுந்துட்டாங்க, கடன் தவணை பத்து நாள் தள்ளித்தான் கட்ட முடியும்னு சொன்னேன்."

"கடலை நனைஞ்சதைச் சொன்னீங்களா?"

அவர் யோசித்தார். "இல்லம்மா. அந்த நேரத்துல கடலை ஞாபகமே இல்லை."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அலுவலர் அந்தச் செயலாளரைக் கேட்டிருப்பார். கைபேசியில் அழைப்புப் பதிவு இருக்கிறதா, யாராவது அன்றைக்கே படம் எடுத்தார்களா என்றும் பார்த்தார்கள். அக்கா மகன் சனிக்கிழமை எடுத்த இரண்டு படம் இருந்தது. அதற்கு முன் எதுவும் இல்லை.

அப்போது அந்தப் பையன் மெதுவாக ஒன்று கேட்டான். "மேடம், நேத்து முந்தாநாள் ராத்திரியும் ஒரு தூறல் போட்டுச்சு. அந்தத் தேதியைப் போட்டு எழுதிட்டா, இப்ப 72 மணி நேரத்துக்குள்ளதானே வரும்?"

இப்படி ஒரு கேள்வி எந்த வேளாண்மை அலுவலகத்திலும் வரும். கேட்பவன் கெட்டவன் அல்ல, மாமன் நிலையைப் பார்த்துக் கேட்கிறான். அலுவலர் கோபப்படவில்லை. "தம்பி, அந்தத் தூறல் எத்தனை மில்லிமீட்டர்னு மழைமானிப் பதிவுல இருக்கும். ஞாயிறு ராத்திரி நனைஞ்ச கடலையைத் திங்கக்கிழமை காலையில எப்படி வித்தீங்கன்னு இந்தச் சீட்டே கேக்கும். இதுல கையெழுத்துப் போட்டா நான் மட்டும் மாட்ட மாட்டேன். உங்க மாமா பேரு பொய்க் கணக்குல வந்துடும். அடுத்த வருசம் நிஜமாவே சேதமானாலும் அவர் சொல்றதைச் சந்தேகமாத்தான் பார்ப்பாங்க" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர், "வேணாம்பா, அப்படி எழுத வேணாம்" என்று அவரே சொல்லிவிட்டார்.

உள்ளதை உள்ளபடி எழுதி, மழை பெய்த நாள், தகவல் தந்த நாள், தாமதத்துக்கான காரணம், மருத்துவமனைச் சீட்டின் நகல் எல்லாம் சேர்த்து மனுவைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஏற்க இயலாது.

அலுவலர் எழுதிக் கொடுத்த பதில்

நிறுவனத்தின் பதில் இரண்டே வரி. அதை அப்படியே அவர் கையில் கொடுக்க அலுவலருக்கு மனம் வரவில்லை. தன் கைப்பட ஒரு தாளில் விளக்கமாக எழுதிக் கொடுத்தார். அதன் சாரம் இது:

"ஐயா, உங்கள் கடலை மழையில் சேதமானது உண்மை என்பதில் இந்த அலுவலகத்துக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் வர முடியாமல் போன காரணமும் உண்மை. ஆனாலும் உங்கள் தனி இழப்புக்கான கோரிக்கையை ஏற்க முடியவில்லை. மழை பெய்த 72 மணி நேரத்துக்குள் எந்த வழியிலும் தகவல் பதிவாகவில்லை. தகவல் வந்தபோது காய் ஆய்ந்து விற்கப்பட்டு, கொடியும் வயலில் இல்லாததால் சேதத்தை அளக்க வழியில்லாமல் போனது. இந்த முடிவு உங்கள் காப்பீட்டை ரத்து செய்யாது. மகசூல் இழப்பு வகையில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது. அதில் தொகை அறிவிக்கப்பட்டால் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். இந்த முடிவில் உங்களுக்குக் குறை இருந்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்க்கும் குழுவுக்கு மனுச் செய்யலாம்."

அவர் படித்துவிட்டு, "உண்மைன்னு ஒத்துக்கிறீங்க, ஆனா கிடையாதுன்னும் சொல்றீங்க" என்றார். நியாயமான கேள்விதான்.

ஏன் இவ்வளவு கறார்?

தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் நிறுவனம் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்த வேண்டும். அவர், வட்டார வேளாண்மை அலுவலர், விவசாயி மூவரும் சேர்ந்து வயலில் நின்று பார்க்க வேண்டும். கடலை என்றால் அங்கங்கே செடியை எடுத்து, நூறு காயில் முளைத்தது எத்தனை, கறுத்தது எத்தனை, நல்லது எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் சேதம் தெரிந்துவிடும். அடுத்த பத்து நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும்.

ஒன்பதாம் நாளில் எதை எண்ணுவது? வயல் வெறும் மண். விற்ற சீட்டு இருக்கிறதே என்று கேட்கலாம். சீட்டு சொல்வது விலை குறைவாகப் போனதை மட்டும்தான். அந்தக் காய் எந்த சர்வே எண்ணில் விளைந்தது, மழையில் கறுத்ததா, சரியாகக் காயவைக்காமல் கட்டி வைத்ததில் கறுத்ததா என்பதை அது சொல்லாது. நிலக்கடலையை எட்டு சதவீத ஈரத்துக்குக் கீழே காயவைக்காமல் மூட்டை கட்டினாலும் இதே பூசணம்தான் பிடிக்கும்.

இந்த இடத்தில் பக்கத்து வழக்கு ஒன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. படித்த பிள்ளைகள் அதைக் கைபேசியில் காட்டிக் கேட்கிறார்கள். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். திருட்டுப்போன ஒரு டிராக்டருக்கான காப்பீடு அது. உரிமையாளர் நிறுவனத்துக்குத் தகவல் சொன்னது ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து. அந்தத் தாமதத்தை மட்டுமே காரணம் காட்டிப் பணம் மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அப்படியானால் கடலைக்கும் அதுதானே நியாயம் என்று தோன்றும். வேறுபாடு இதுதான்: டிராக்டர்காரர் திருட்டு நடந்த அன்றே போலீசில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தது. நடந்தது உண்மை என்பதற்கு உடனடிச் சாட்சி இருந்தது. நிறுவனத்துக்குச் சொன்னதுதான் பிந்தியது. கடலைக்காரரிடம் அப்படி ஒரு நாள் குறித்த பதிவு எங்கேயும் இல்லை. சொசைட்டிக்குச் செய்த அந்த அழைப்பில் கடலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி, செயலாளர் அதைக் குறித்து வைத்திருந்தால், நிலைமை வேறாக இருந்திருக்கும்.

மீதி இருக்கும் வழிகள்

மறுத்த பிறகு அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆனால் எந்த வழிக்கு எவ்வளவு பலம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

குறைதீர்க்கும் குழுவுக்கு மனுப் போடலாம். மருத்துவமனைச் சீட்டு அவருக்குச் சாதகம். ஆனால் "மருத்துவமனையில் இருந்தபடியே நீங்களோ உங்கள் அக்கா மகனோ ஒரு போன் செய்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கு அவரிடம் பதில் இல்லை. 14447-க்கு முயன்று இணைப்புக் கிடைக்காத பதிவோ, வேறு யாருக்காவது சொன்ன சான்றோ உள்ளவர்களுக்கு அந்தக் குழுவில் பலம் அதிகம். அவருக்குக் குறைவு. போடக் கூடாது என்று அலுவலர் சொல்லவில்லை. இரண்டு நாள் கூலியை விட்டுத் திருவண்ணாமலைக்கு அலைவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொன்னார்.

அடுத்தது, ஊர் அளவில் சேதம் பெரிதாக இருந்தால் கிடைக்கும் வழி. அறிவிக்கப்பட்ட பகுதியில் காப்பீடு செய்த பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இப்படிச் சேதமாகியிருந்தால், தனித்தனியாகப் பார்க்காமல் மாதிரி ஆய்வு செய்து மொத்தப் பகுதிக்கும் இழப்பை முடிவு செய்ய நெறிமுறையில் இடம் உண்டு. அலுவலர் பதிவேட்டைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மழைக்கு அந்தப் பகுதியில் நேரத்துக்குள் தகவல் தந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். பலர் முந்தின வாரமே ஆய்ந்து முடித்திருந்தார்கள். நான்கில் ஒரு பங்கு பக்கத்தில்கூட வரவில்லை.

கடைசியாக, அரசின் பேரிடர் நிவாரணம். இது காப்பீடு அல்ல. பிரீமியம் கட்டியவர், கட்டாதவர் என்ற பேதம் இதில் இல்லை. 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர்ச் சேதம் ஆனவர்களுக்கு, வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து எடுக்கும் கணக்கை வைத்து அரசு ஆணை போட்டுத் தரும் இடுபொருள் உதவி. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு நெற்பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது இந்த வகையில்தான். அப்போது திருவண்ணாமலை மாவட்டமும் பலத்த அடி வாங்கியது.

இதில் எல்லாம் அரசின் முடிவைப் பொறுத்தது. புயல், வெள்ளம், ஆலங்கட்டி மழை போன்றவை பேரிடர்ப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு சாயங்காலம் நாலு ஊரில் பெய்த கோடை மழை தானாக அந்தப் பட்டியலில் வராது. கணக்கெடுப்பும் பெரும்பாலும் நிற்கும் பயிருக்குத்தான் நடக்கும். ஒன்றரை ஏக்கர் என்பது 0.6 எக்டேர். பாசனப் பயிருக்கான விகிதத்தில் கிடைத்தாலும் 10,200 ரூபாய்தான். "வி.ஏ.ஓ. கிட்ட ஒரு மனு கொடுத்து வைங்க ஐயா. ஆணை வந்தா பட்டியல்ல பேர் இருக்கணும். ஆனா வரும்னு நம்பிக் கடன் வாங்கிடாதீங்க" என்றார் அலுவலர். அவர் அன்றே போய்க் கொடுத்துவிட்டார். அந்த மழைக்குத் தனி ஆணை எதுவும் வரவில்லை.

அடுத்தவர் செய்ய வேண்டியது

அதே ஞாயிறு மழையில் நனைந்த நான்கு பேரில் ஒருவர், அவருக்கு மூன்று வயல் தள்ளி இருக்கும் ஒரு அம்மாள். கணவர் ஆரணியில் பட்டுத் தறி நெய்கிறார், வாரம் ஒருமுறைதான் வருவார். அந்த அம்மாளுக்குச் செயலி எல்லாம் தெரியாது. திங்கள் காலை 14447-க்குப் போன் செய்து, காப்பீட்டு ரசீதில் இருந்த விண்ணப்ப எண்ணையும் சர்வே எண்ணையும் படித்துச் சொன்னார். அவர்கள் கொடுத்த புகார் எண்ணை ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்தார். மகளை விட்டு நான்கு மூலையிலும் நின்று படம் எடுக்கச் சொன்னார். ஆட்கள் வந்து பார்க்கும்வரை ஒரு பாத்திக் கடலையை ஆயாமல் அப்படியே விட்டுவைத்தார். மற்றதை ஆய்ந்து காயவைத்துவிட்டார். எல்லாக் கடலையையும் அழுக விட வேண்டியதில்லை. பார்ப்பதற்கு வயலில் மாதிரி இருந்தால் போதும்.

முதல் அழைப்பில் எல்லா விவரமும் சொல்ல முடியவில்லை என்றாலும் பாதகமில்லை. பாதி நிரப்பிய படிவத்தைக் கொடுத்து, இழப்பு நடந்த ஏழு நாளுக்குள் மீதியை நிரப்பிக் கொடுக்க நெறிமுறை இடம் தருகிறது. விவசாயியே பேச வேண்டும் என்பதும் இல்லை. ரசீது கையில் இருந்தால் மகனோ மருமகளோ பேசலாம். அதனால் ரசீதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் கைபேசியிலாவது வைத்திருப்பது நல்லது. மழை வந்த நாளில் வீட்டுப் பெரியவர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

நெல் போடுகிறவர்களுக்கு ஒன்று. நெல் வயலில் தண்ணீர் தேங்கிய சேதம் 2018-லிருந்து தனி இழப்புப் பிரிவில் இல்லாமல் இருந்தது. 2026 காரீப் பருவத்திலிருந்து அதையும், காட்டு விலங்குகள் பயிரை அழிப்பதையும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. அவற்றுக்கும் இதே 72 மணி நேரம்தான், இடம் பதிவான படத்தோடு. மாநில அறிவிக்கையில் வந்திருக்கிறதா என்பதை உங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவிட்டுப் பிரீமியம் கட்டுங்கள்.

அந்த விவசாயி குறைதீர்க்கும் குழுவுக்குப் போகவில்லை. மனைவி கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். இந்த மார்கழியிலும் கடலை போட்டார், காப்பீடும் கட்டினார். பிரீமியம் கட்டிய அன்று ரசீதைப் படம் எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினார். மோட்டார் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் பெரிதாக 14447 என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே "மூணு நாள்" என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்.